நயினார் தலையில் குடிவந்த புழு

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் ஜினசேன நயினாரை விடச் சுத்தமான ஆள் கிடையாது. இதை அவரேதான் சொல்வார். மற்றவர்கள் சொல்லக் காத்திருந்தால் ஆயுசு போதாது என்று அவருக்குத் தெரியும்.

குடிக்கிற தண்ணீரை நாலு மடிப்புத் துணியில் வடிகட்டுவார். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. ஓட்டல் வாசலை மிதிக்க மாட்டார். மதியத்துக்கு வீட்டு மோர். அதில் கால்வாய் ஓரத்துப் பாத்தியில் பிடுங்கிய பச்சைக் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டுக்கொள்வார். மல்லியை மட்டும் கழுவமாட்டார். அவருடைய நிலத்தில் அவருடைய மண்ணில் விளைந்ததற்குக் குளியல் வேறா?

இரண்டு காணி வேர்க்கடலை போக, காலையும் மாலையும் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். பக்கத்து வேன் ஓட்டும் குமரேசன் ஞாயிற்றுக்கிழமை மிளகு போட்டுப் பன்றிக்கறி சாப்பிடுபவன். திங்கட்கிழமை அவன் அருகே வந்தால் நயினார் மூக்கைத் துண்டால் மூடிக்கொள்வார். கறி வாசனை இருபது மணி நேரம் நிற்கும் என்று எங்கே படித்தாரோ. ஆனால் எந்தக் குழந்தை எந்தத் திருப்பத்தில் வாந்தி எடுக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு முன்பே ஜன்னல் ஓரம் இடம் மாற்றி உட்காரவைப்பார். இதை மட்டும் அவர் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை. விசித்திரமான மனிதர்.

இரண்டு மாதமாகத் தலைவலி. வெயிலைத் திட்டினார், பிள்ளைகளின் கத்தலைத் திட்டினார், குமரேசனின் ஹாரனைத் திட்டினார். ஒரு நாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வேப்ப மர நிழலில் நின்றவரின் வலது கை தானாகத் துடித்தது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. அடுத்த நிமிஷம் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில்.

"இரும்பு குடுங்கய்யா, இரும்பு!" என்று டீக்கடைப் பரசுராமன் கத்தினார். ஆளுக்கொரு சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். வலிப்பு மூன்று நிமிஷத்தில் தானாக ஓய்ந்தது. பேர் சாவிக்குப் போனது.

திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் டாக்டர் அருணாதேவி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தில், மூளையின் இடப்பக்கம் ஒரு சின்ன வளையம். நடுவில் மிளகு மாதிரி ஒரு புள்ளி. டிபி கட்டியாக இருக்குமோ என்று நெஞ்சுப் படமும் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை.

"அந்தப் புள்ளி புழுவோட தலை. வளையம் அது இருக்கிற பை. பன்றி நாடாப்புழுவோட குஞ்சு."

நயினார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "டாக்டரம்மா, நான் ஜைனன். முட்டைகூடத் தொடமாட்டேன்."

"கறி சாப்பிடறவங்களுக்குப் புழு குடல்ல வளரும். அதோட முட்டை அவங்க மலத்துல வெளிய வரும். கழுவாத கை, கழுவாத கீரை, தண்ணி, எது வழியாவோ அந்த முட்டை யார் வயித்துக்குள்ள போனாலும், குஞ்சு ரத்தத்துல ஏறி மூளைக்குப் போகும். நீங்க கறியே தின்ன வேணாம்."

"தண்ணிய துணியில வடிகட்டறேனே?"

"துணியில எறும்பு நிக்கும். இது கண்ணுக்கே தெரியாது. கொதிக்க வெச்சுக் குடிங்க. கீரை, மல்லி எல்லாத்தையும் நல்லா கழுவி, வேக வெச்சே சாப்பிடுங்க."

எது வழியாக என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டில் எல்லோரும் மலப் பரிசோதனை செய்துகொள்ளட்டும் என்றார். நயினாருக்கு இன்னொரு சந்தேகம். "மாத்திரை போட்டா அது செத்துப்போயிடுமே. அதுவும் ஒரு உயிருதானே?"

"உள்ள இருக்கறது ஏற்கெனவே சாகத் தொடங்கிடுச்சு. அதைச் சுத்தி வீக்கம், வீக்கத்தால வலிப்பு" என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

பக்கத்தில் இருந்த மனைவி கனகலதாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. "அது உங்க தலைய தின்னறப்போ அகிம்சை பார்க்கலீங்க. நீங்க மாத்திரைய முழுங்குங்க."

கண்ணில் புழு இல்லை என்று பரிசோதித்த பிறகு முதலில் வீக்கம் குறைக்கும் மாத்திரை. மறுநாளிலிருந்து அதோடு புழு மாத்திரை, இரண்டு வாரம். புழு சாகும்போது வீக்கம் கூடும், அதற்குத்தான் துணை மாத்திரை. வலிப்பு மாத்திரை தனி. புழு மாத்திரையும் வலிப்பு மாத்திரையும் காலை ஒன்று, இரவு ஒன்று. ஒரு வேளையும் தவறக்கூடாது. "நான் எழுதித் தர்ற வரைக்கும் வண்டி ஓட்டக்கூடாது."

கடைசி வாக்கியம்தான் அவரைக் கொன்றது. ஊருக்கு வந்து "மைக்ரேன்" என்றார். பன்றிப் புழு என்று சொன்னால் ஊர் நாக்கு சும்மா இருக்குமா? மறைவில் கறி தின்றார் என்று பட்டம் கட்டிவிடும். அந்த நாக்குகளுக்குத் தொண்டையில் வடிகட்டித் துணி கிடையாது. பத்து நாளில் மறுபடி வண்டி எடுப்பது என்று தீர்மானித்துக்கொண்டார்.

காலை மாத்திரையை ஒழுங்காகப் போட்டார். இரவு மாத்திரை? பொழுது சாய்ந்தபின் எதுவும் தொடாதவர். விரதத்தை முறிப்பதா? முறிக்கவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. சுத்தம் என்றால் இப்படி இருக்க வேண்டும், மூளை போனாலும்.

பத்தாவது நாள் காலை வேன் சாவியைத் தேடினார். கனகலதா அதை அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டிருந்தார்.

"சாவி எங்கடி?"

"உங்க இரவு மாத்திரை எங்கன்னு சொல்லுங்க, நான் சாவி எங்கன்னு சொல்றேன்." அவர் காட்டிய அட்டையில் இரவுக்கு உரிய மாத்திரை அத்தனையும் மிச்சம் இருந்தது. "இருபது புள்ளைங்க உள்ள உக்காந்திருக்கும்போது கை இழுத்துச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?"

பதில் சொல்ல வாய் திறந்தார். வாய் ஒரு பக்கம் போனது. முற்றத்திலேயே விழுந்தார். அப்போதுதான் மோர் வாங்க வந்த பரசுராமன் சாவிக்கொத்தோடு ஓடிவர, கனகலதா கையை நீட்டித் தடுத்தார். கணவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துணி வைத்து, வாயில் எதுவும் போடாமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டரை நிமிஷம். டாக்டர் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். சாவிக்கு இந்த முறை வேலை கிடைக்கவில்லை.

அன்றே ஆஸ்பத்திரி. நயினார் தலையைக் குனிந்துகொண்டு விரத விஷயத்தைச் சொன்னார். டாக்டர் திட்டவில்லை, சிரித்துவிட்டார். "இதுக்கா? காலைல ஆறு மணிக்கு ஒன்னு, சாயங்காலம் அஞ்சரைக்குள்ள, உங்க சாப்பாட்டோட ஒன்னு. நெய் சோறு சாப்பிடுங்க, புழு மாத்திரை நல்லா ஏறும். உங்க சூரியன் உள்ள போறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும்."

இவ்வளவு எளிதான விஷயத்துக்காகவா? நயினாருக்கு வெட்கம் பொங்கியது. தன்னை நினைத்து முதன்முறையாக மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மூன்று நாள் கழித்து, கனகலதா எடுத்துக் கொடுத்த வேன் சாவியோடு டீக்கடைக்குப் போய், குமரேசன் முன்னால் நின்றார். அன்று திங்கட்கிழமை. மூக்கை மூடவில்லை.

"இந்தாப்பா சாவி. எனக்கு மைக்ரேன் இல்ல. தலையில பன்றிப் புழு. நான் கறி தின்னல, தெரிஞ்சுக்கோ. எவனோ வெளிய போனது என் மல்லியில ஏறியிருக்கலாம். வலிப்பு வருது. நான் வண்டி ஓட்டக்கூடாது. நீ ரெண்டு ட்ரிப்பும் சேத்து ஓட்டு."

பரசுராமன் டீயை ஆற்றுவதை நிறுத்தினார்.

குமரேசன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "நான் வாராவாரம் துன்றேன் நயினாரே, எனக்கு ஒன்னும் ஆவல. நீங்க மோர் குடிச்சு மாட்டிக்கினீங்க பாருங்க."

"நீயும் போய் மலத்த காட்டுடா. உனக்குத் தெரியாமலே உள்ள வளர்த்துக்கினு இருக்கப் போற. கறிய நல்லா வேக வெச்சித் துன்னு."

இது அறிவுரையா, அவமானப்படுத்தலா என்று கடையில் யாருக்கும் புரியவில்லை. குமரேசனுக்குப் புரிந்தது. சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டான்.

ஆறு மாதத்தில் ஸ்கேனில் வளையம் காணவில்லை. அந்த இடத்தில் வெள்ளையாக, தழும்பு மாதிரி ஒரு பொட்டு மட்டும். வலிப்பு மாத்திரை இன்னும் தொடரும், சாவி இன்னும் குமரேசனிடம்தான். நயினார் தினமும் அந்த வேனில் முன் இருக்கையில் ஏறுகிறார். வாந்தி எடுக்கிற குழந்தையை ஜன்னல் பக்கம் மாற்றுகிறார். ஏறும் ஒவ்வொன்றின் கையையும் பிடித்துப் பார்த்து, "சோப்பு போட்டியா?" என்று அதட்டுகிறார். அடுத்த இருக்கையில் ஸ்டியரிங் பிடிப்பவனின் கையையும்தான்.