லா மானோவும் ஆசிரியரின் நாற்காலியும்

போர்ட் லூயிஸில் ஒரு கப்பல் அலுவலகத்தில் நான் தட்டச்சராக இருந்தபோது, எங்களுக்கு ஸ்பானிய மொழி கற்றுத்தர மாலையில் ஓர் ஆசிரியர் வருவார். கனத்த உடம்பு, நாற்காலியை விட்டு எழமாட்டார். பெயர்ச்சொல்லின் பாலைத் தப்பாகச் சொன்னவர் மட்டும் எழுந்து, அடுத்தவர் தவறும்வரை நிற்கவேண்டும்.

"ஓ-வில முடிஞ்சா ஆண்பால், முன்னால எல் வரும். ஆ-வில முடிஞ்சா பெண்பால், லா" என்றவர், உடனே கைக்கான சொல்லைக் கேட்டார். பக்கத்து மேசைக் கணக்கர் விதிப்படி "எல் மானோ" என்று சொல்லி நின்றார். நான் "லா மானோ" என்றேன். சரி! படிப்பு ஒன்றுமில்லை, எங்கள் தீவில் பேசும் கிரியோலில் கை ‘லாமே’, லா ஒட்டிக்கொண்டே வரும் சொல்.

அதே தெம்பில், வரைபடத்துக்குக் கிரியோலில் உள்ள ‘லாகார்ட்’டை நம்பி "லா மாப்பா" என்றேன்.

"எல் மாப்பா!"

கணக்கர் சிரித்தபடி உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதியைச் சொல்லிவிட்டு விலக்கையே கேட்கிற மனிதர்!

"மிஸ்யே, இந்தச் சட்டம் உங்களுக்கும் உண்டா?"

"இங்க இருக்கிற எல்லாருக்கும்."

"அப்ப தமிழ்ல கை என்ன பால்?"

தமிழ் தெரியாத அவர் தாடியைத் தடவினார். "பெண்பால்."

"ஆணுமில்ல, பெண்ணுமில்ல. அஃறிணை, ஒன்றன்பால்."

தமிழரான கணக்கர் ஆமென்று தலையாட்டினார். ஆசிரியர் முனகியபடி எழுந்தார், நான் உட்கார்ந்தேன்.

பிறகு "நாள்?" என்றார். வகுப்பே கிசுகிசுத்துக்கொண்டு "எல் தியா" என்றது. அன்று மணி அடிக்கும்வரை எங்களில் ஒருவரும் தவறவில்லை.