ஐந்து மணிக்குள் திருத்திய சிபாரிசு

அந்த ஆஸ்பத்திரியின் கொள்முதல் பிரிவில் இருபத்தாறு வருஷமாக எழுத்தராக இருப்பவரை எல்லோரும் 'ஸ்கேல்' என்றுதான் கூப்பிடுவார்கள். கணினி வந்த பிறகும், வரி மாறிவிடக் கூடாதென்று மர ஸ்கேலை வைத்துத்தான் எந்தக் காகிதத்தையும் படிப்பார். அதிர்ந்து பேசாத மனிதர். காலையில் முதல் கோப்பைத் திறக்குமுன் கடவுளை ஒரு நொடி நினைத்துக்கொள்வார்.

அன்றைக்கு அந்த நினைப்பு கொஞ்சம் நீண்டது. அறுவை அரங்கின் கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் பழைய இயந்திரம் படுத்துவிட்டது. புதியதற்கு விட்ட டெண்டரில் மூன்று கம்பெனிகள் வந்திருந்தன. அவர்கள் சொன்ன விலை செல்லுபடியாகும் கடைசி நாள் அன்றுதான். ஒருமுறை நாள் நீட்டி வாங்கியாயிற்று. இனி முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். மாலை ஐந்துக்குள் ஆணை போகாவிட்டால் பழையபடி முதலிலிருந்து. ஆறு மாதம் ஓடிவிடும்.

நல்லவேளை, மதிப்பீட்டு அறிக்கை தயாராக இருந்தது. தொழில்நுட்பச் சோதனையிலேயே மூன்றாவது கம்பெனி கழிந்தது. கேட்டது நானூறு லிட்டர் கொள்ளளவு, அவர்கள் காட்டியது முந்நூறு. அவர்களுடைய விலை உறை பிரிக்காமலே திரும்பிப் போனது. மற்ற இரண்டில் முதல் கம்பெனி நாற்பத்தொரு லட்சம், இரண்டாவது நாற்பத்துமூன்று. முதல் கம்பெனிக்கே கொடுக்கலாம் என்று மதிப்பீட்டுக் குழுவின் மூவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இயக்குநர் ஒப்புதல்தான் பாக்கி.

இரண்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் வந்து நின்றாள்.

"என்னண்ணே, மெஷின் வருதா, இல்ல வீட்லேருந்து குக்கர எடுத்துட்டு வரட்டுமா?"

"இன்னிக்கே ஆர்டர் போயிடும்மா."

"பழசுக்கு மாதிரி ரிப்பேருக்கு ஆள் தேடி அலையவிட மாட்டீங்கள்ல?"

"அஞ்சு வருஷப் பராமரிப்பும் டெண்டர்லயே இருக்கு. இரு, காட்டுறேன்."

முதல் கம்பெனியின் விலைப் பட்டியலைப் பிரித்தார். இரண்டாம் பக்கத்தில் ஸ்கேல் நின்றது. பராமரிப்பு, வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். தனி வரி. இயந்திர விலையோடு ஐந்து வருஷப் பராமரிப்பையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும் என்பது டெண்டர் நிபந்தனை. அவரோ உறை பிரித்த அன்று வாசித்த விலைகளைக் குறிப்பேட்டிலிருந்து அப்படியே எடுத்து அறிக்கையில் போட்டுவிட்டார். அன்று வாசித்தது முதல் பக்கத்தை மட்டும்.

விறுவிறுவென்று கூட்டினார். நாற்பத்தொன்றும் ஆறும் நாற்பத்தேழு. இரண்டாவது கம்பெனி பராமரிப்புக்குக் கேட்டது வருஷத்துக்கு ஐம்பதாயிரம், மொத்தம் நாற்பத்தைந்தரை. அறிக்கை தலைகீழாகிவிட்டது.

பக்கத்து மேஜையிலிருந்த கணக்கு மேடத்திடம் காட்டினார். குழுவில் அவரும் ஒருவர்.

"விடுங்க, கையெழுத்தே போட்டாச்சு. கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பப் போகுது. யாரு பாக்கப் போறா?"

"தோத்த கம்பெனி பாக்கும் மேடம். அதுக்கு முன்னாடியே மேல இருக்கறவர் பாத்துட்டார்."

"யாரு, மாடியில இயக்குநரா?"

"அவருக்கும் மேல."

மேடம் கால்குலேட்டரை இழுத்து இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "என் கையெழுத்தும்ல இதுல இருக்கு. தள்ளுங்க, நான் சொல்லச் சொல்ல டைப் அடிங்க."

அப்புறம் ஒரே ஓட்டம்தான். பழைய அறிக்கையைக் கிழிக்கவில்லை. குறுக்கே கோடு போட்டு, ரத்து என்றும் காரணத்தையும் எழுதிக் கோப்பிலேயே வைத்தார். குழுவின் இன்னொரு உறுப்பினரான பொறியாளரை ஜெனரேட்டர் அறையில் சிஸ்டர் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கினாள். குழுத் தலைவரான பெரிய டாக்டர் வார்டில் இருந்தார்.

"காலையிலதான போட்டேன்?"

"தப்பு என்னோடது சார். நாலாம் பத்தியில எழுதியிருக்கேன்."

டாக்டர் படித்தார். ஒரு வார்த்தையை அடித்து மேலே எழுதினார். 'எழுத்தரால்' என்பது 'குழுவால்' ஆகியிருந்தது. "படிக்காமப் போட்டது நாங்க மூணு பேரு. ஓடுங்க."

நான்கு இருபதுக்கு இயக்குநர் கேட்டார்: "விலை கூடின மெஷினையா சிபாரிசு பண்றீங்க?"

எழுத்தர் மர ஸ்கேலைப் பட்டியலின்மேல் வைத்து வரி வரியாகக் காட்டினார். அவருக்கே ஆச்சரியம், குரல் நடுங்கவே இல்லை. ஒப்புதல் விழுந்தது. நான்கு நாற்பத்தொன்றுக்கு ஆணை மின்னஞ்சலில் போனது. பத்து நிமிஷத்தில் இரண்டாவது கம்பெனியிடமிருந்து 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில் வந்தது. சிஸ்டர் அதை எட்டிப் பார்த்தாள். அடுத்த கணம், தள்ளிப்போட்ட ஆபரேஷன்களின் பட்டியலை எடுத்து வைக்கச் சொல்லிப் போனில் தியேட்டரை விரட்டிக்கொண்டிருந்தாள்.

எழுத்தர் தன் வீட்டுக்குப் போன் போட்டார்.

"இன்னிக்கு ஆபீஸ்ல பெரிய தப்பு ஒண்ணு பண்ணிட்டேன்."

மனைவி கேட்டாள்: "ஏங்க, தப்புப் பண்ணினவங்க இப்படியா சிரிச்சுக்கிட்டே பேசுவாங்க?"