கால்வாயோடு போன பட்டம்

எங்கள் அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. நல்ல குணம்தானே என்பீர்கள். ஒரு நாள் அவளோடு அரசாங்க அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

வெள்ளம் வந்த அன்று அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், நான் எல்லோரும் மொட்டைமாடியில் இருந்தோம். கீழே பின்கதவு பிய்த்துக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே அண்ணியின் தகரப்பெட்டி மிதந்து வந்தது. உள்ளே அவளுடைய பி.எஸ்சி. பட்டச் சான்றிதழ். பெட்டி சுவரில் ஒருமுறை இடித்து நிதானமாகத் திரும்பி, கால்வாய்ப் பக்கம் போயிற்று. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணி மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "போகட்டும் விடுங்க, நாம இருக்கோமே" என்றாள்.

போகட்டும் என்று விடமுடியாத காலம் அடுத்த மாதமே வந்தது. அண்ணி ஒரு பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளர். பிள்ளைகள் உடைக்கிற சோதனைக்குழாய்களைப் பெருக்கி, அமிலப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டி, வருஷக்கணக்காக அதே தற்காலிகம். இப்போது நிரந்தரமாக்கப் போகிறார்களாம். மாதக் கடைசிக்குள் அசல் சான்றிதழ் காட்டவேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்கு இடம் போய்விடும்.

நான் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் பாதிப்பேருக்குப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் அடித்துக் கொடுத்தவன் நான்தான். 'பீரோவின் மேல்தட்டில் பத்திரமாக வைத்திருந்த எனது பட்டச் சான்றிதழ் வெள்ளத்தில் தொலைந்துவிட்டது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. நகல் சான்றிதழ் வழங்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.' பெயரையும் பதிவெண்ணையும் மாற்றினால் போதும், கடிதம் தயார். அண்ணிக்கும் அதையே நீட்டினேன்.

படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நம்ம வீட்ல பீரோ ஏது தம்பி?"

"அதுவா இப்ப முக்கியம்? கையெழுத்துப் போடுங்க அண்ணி."

"தேடியும் கிடைக்கலைன்னு இருக்கே. நான் எங்க தேடினேன்? அது போனதைப் பார்த்துக்கிட்டுல்ல நின்னேன்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளைக் கசக்கி எறிந்தேன். அண்ணன் மின்விசிறி ரிப்பேர் செய்கிறவர், வீட்டில் ஏதாவது சூடானால் உடனே ஸ்குரூ டிரைவரோடு வேறு அறைக்குப் போய்விடுவார். போய்விட்டார்.

கடிதம் கிடக்கட்டும், அதோடு இணைக்கப் போலீஸ் சான்று ஒன்று வேண்டுமே. தொலைந்த பொருளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவர்கள் எழுதித் தரவேண்டும். அதோடு உறுதிமொழிப் பத்திரம், பத்திரிகை விளம்பரம். ஸ்டேஷனில் நான் பேசிக்கொள்கிறேன், நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் கூட்டிப்போனேன்.

எழுத்தர் நல்ல மனிதர். பேனாவைத் திறந்துகொண்டு, "நல்லாத் தேடினீங்களாம்மா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

"இல்லைங்க சார். அது கால்வாயோட போறதைப் பார்த்தேன். எங்க நின்னுச்சுன்னுதான் தெரியலை."

எழுத்தர் பேனாவை மூடினார். "அப்ப போய்த் தேடிட்டு வாங்கம்மா. கிடைக்கலைன்னா எழுதித் தரேன்."

வழிநெடுக நான் அவளோடு பேசவில்லை. அவளோ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மறுநாள் விடுமுறை. காலையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கால்வாய்க்குக் கிளம்பிவிட்டாள். கட்டிய புருஷனும் கொழுந்தனும் வீட்டிலா உட்கார முடியும்? மூன்று பேரும் கரையோடு நடந்தோம். சேறு முழங்கால்வரை ஏறியது. யாருடைய மெத்தையோ, யாருடைய மிதிவண்டியோ வழியெல்லாம் கிடந்தன. நான் பல்கலைக்கழகத்தில் தொடங்கி போலீஸ்வரைக்கும் எல்லோரையும் திட்டிக்கொண்டே வந்தேன். அண்ணன் மட்டும், "மூச்சை மிச்சம் பிடிடா, திரும்பி வேற நடக்கணும்" என்றார்.

மதகடியில் குப்பைகள் வந்து அடைத்துக்கொள்ளும். அங்கே மதகுக்காரர் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அண்ணி சட்டென்று நின்றாள். அவர் உட்கார்ந்திருந்தது அவளுடைய தகரப்பெட்டியின்மேல்.

"பெரியவரே, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

உள்ளே இருந்த புடவைகள் மக்கிப்போனதால் எறிந்துவிட்டாராம். ஒரு கெட்டித்தாளை மட்டும் காயவைத்து எடுத்து வைத்திருந்தார். "முத்திரையெல்லாம் இருந்துச்சு. தூக்கிப்போட மனசு வரலை" என்றார்.

தாள் பழுப்பேறி அலையலையாக நெளிந்திருந்தது. அச்சடித்த பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. அச்சடித்த துணைவேந்தர் கையெழுத்து இருந்தது. புடைப்பு முத்திரை இருந்தது, மூலையில் வரிசை எண் இருந்தது. அந்தக் காலத்தில் பெயரை மையால் கையில்தான் எழுதுவார்கள். மை கரைந்து அந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அண்ணி அந்த இடத்தை விரலால் இரண்டுமுறை தடவிப் பார்த்தாள்.

ஆனால் ஒன்று. தொலைந்தால்தான் போலீஸ், விளம்பரம் எல்லாம். சிதைந்துவிட்டால், சிதைந்ததை ஒப்படைத்து நகல் கேட்கலாம். விதிமுறைத் தாளிலேயே அப்படி ஒரு வரி இருக்கிறது. இத்தனை பேருக்குக் கடிதம் அடித்த நான் அதைப் படிக்கவே இல்லை. இந்தமுறை அண்ணி சொல்லச் சொல்ல அடித்தேன். மொட்டைமாடி, தகரப்பெட்டி, மதகு, எல்லாம். என் கடையில் இருந்த மதிப்பெண் பட்டியல் பிரதிக்கு அண்ணி படித்த கல்லூரி முதல்வரிடம் சான்றொப்பம் வாங்கினோம்.

பதிவாளர் அலுவலகத்துக்கு மூவருமாகப் போனோம். பிரிவு அதிகாரி கடிதத்தை முழுக்கப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். மேசை ஓரத்தில் இருந்த கடிதக் கட்டைக் காட்டி, "பாருங்க, உங்க ஊர்க்காரங்கதான். எல்லாரும் ஒரே பீரோ, அதே மேல்தட்டு. சந்தேகம் வராம என்ன செய்யும்? விவரம் கேட்டு எல்லாருக்கும் திருப்பி அனுப்பப் போறோம்" என்றார்.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி என்னைப் பார்த்தாள். நல்லவேளை, அடித்துக் கொடுத்தது யார் என்று அதிகாரி கேட்கவில்லை, அதுவரைக்கும் தப்பித்தேன்.

பிறகு அவர் அந்த நெளிந்த தாளைக் கையில் எடுத்தார். சிரிப்பு போய்விட்டது. "பேரே இல்லியேம்மா. இது உங்களுதுதான்னு நான் எதை வச்சு நம்புறது?"

அண்ணியின் முகம் சுண்டிவிட்டது. மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. வரிசை எண் இருக்கிறதே என்று மெதுவாகச் சொன்னாள், தன் பதிவெண்ணையும் சொன்னாள். அவர் பட்டப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டினார். அண்ணன் முதல்முறையாக எங்கும் எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருந்தார்.

விரல் ஓரிடத்தில் நின்றது. அவர் வரிசை எண்ணைத் தாளோடு ஒப்பிட்டார். பிறகு உரக்கப் படித்தார். அண்ணியின் முழுப்பெயர், அவள் அப்பா பெயர், இளநிலை அறிவியல், வேதியியல், முதல் வகுப்பு. பக்கத்து மேசைக்காரர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

அண்ணி எழுந்து நின்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நேராக நின்றாள்.

"எதுக்கும்மா எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. சரியா இருக்கு. நகல் வர்றவரைக்கும் பட்டம் உண்மைன்னு உங்க பள்ளிக்கூடத்துக்கு இன்னிக்கே ஒரு கடிதம் தரேன், அது போதும்."

அவள் உட்காரவில்லை. "பட்டமளிப்பு விழா அன்னைக்கு நான் பிரசவ வார்டுல இருந்தேன் சார். பட்டம் தபால்லதான் வந்துச்சு. என் பேரை யாரும் கூப்பிட்டதில்லை" என்றாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு அவரும் எழுந்து நின்று, அந்த வரியை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.