ஐம்பதா, ஐம்பத்தொன்றா

அம்மா எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் கண்ணை மூடினாள். அவள் மெதடிஸ்ட் சபை. நான் கட்டிக்கொண்டு வந்தது கத்தோலிக்க வீடு. முப்பதாம் நாள் ஜெபத்தை என் வீட்டில் வைப்பேன் என்று சொன்னேன். கிள்ளானில் வாத்தியாராக இருந்த என் அண்ணன் கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"லத்தீன்லயே முணுமுணுப்பீங்கன்னா நாங்க வரலை."

அண்ணன் வராமல் அம்மாவுக்கு என்ன ஜெபம்? என் வீட்டுக்காரர் கோயிலில் பாடுகிறவர். ஆண்கள் லத்தீனில் ஒரு வசனம் பாட, பெண்கள் அதையே தமிழில் பாடட்டும் என்றேன். பங்குச் சாமியார் கேட்டால் என்ன சொல்வது என்று அவர் தயங்கினார்.

"என் வீட்டுல நான் அழறதுக்கு யாருகிட்ட உத்தரவு வாங்கணும்?" என்றேன். அவர் போய் லத்தீன் புத்தகத்தை எடுத்து வந்தார்.

வேதத்திலிருந்து இறந்தவர்களுக்குப் பாடும் இரண்டு சங்கீதங்கள், லத்தீன் புத்தகத்தில் ஐம்பதும் நூற்றிருபத்தொன்பதும். அந்த இரண்டு எண்ணையும் தமிழில் எழுதி அனுப்பச் சொல்லி, கிள்ளான் ரயிலில் போகும் கார்டிடம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார். நான்கு நாளில் தாள் வந்தது. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வாசிக்க ஆரம்பித்தார், பாதியில் குரல் மாறிவிட்டது.

துன்மார்க்கனே, என் கட்டளைகளை உன் வாயால் சொல்ல உனக்கு என்ன உரிமை என்று கடவுள் கேட்கிறாராம். அடுத்த சங்கீதத்தில், பகைக்கிறவர்கள் கூரைமேல் முளைத்த புல்லாய்க் காய்ந்துபோகட்டும் என்று இருக்கிறதாம்.

"பாத்தியா உங்க அண்ணன் வேலைய? என்னைத் துன்மார்க்கன்றாரு. உன்னைக் கூரைப் புல்லுன்றாரு. இவங்களைக் கூப்பிட்டுச் சோறு வேற போடணுமா?"

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் என் அண்ணனை எனக்குத் தெரியும். திட்டுவதென்றால் முகத்துக்கு நேரே திட்டுகிற மனிதர், வேதத்தைக் கடன் வாங்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை லத்தீன் புத்தகத்தைத் துணியில் சுற்றி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, கிள்ளான் ரயிலில் ஏற்றினேன். நானும் ஏறினேன்.

அண்ணன் காப்பி கொடுத்த கையோடு சண்டையும் கொடுத்தார். "நீங்க கேட்ட நம்பரைத்தான் மாப்பிள்ளை எழுதினேன்."

"நான் கேட்டது பாவத்துக்கு அழற பாட்டு மச்சான். நீங்க அனுப்பினது கோர்ட்டு சம்மன்."

இரண்டு புத்தகத்தையும் ஒரே மேசையில் விரித்து முதலிலிருந்து பார்க்கச் சொன்னேன். சாமியார் என் வீட்டுக்காரருக்கு வரி வரியாகப் பொருள் சொல்லிக் கொடுத்திருந்தார், அதனால் அவர் லத்தீனைச் சொல்லச் சொல்ல அண்ணன் தமிழில் விரல் வைத்தார். எட்டு வரைக்கும் ஒன்றாகவே போயிற்று. ஒன்பதில் அண்ணனின் விரல் நின்றது, லத்தீன் நிற்கவில்லை. அண்ணனுடைய பத்தாம் சங்கீதத்தையும் அதே ஒன்பதுக்குள் விழுங்கிக்கொண்டு போயிற்று.

"ரெண்டை ஒண்ணாத் தைச்சிட்டீங்க," என்றார் அண்ணன்.

"ஒண்ணை ரெண்டாக் கிழிச்சது நீங்க."

"தைச்சது கிழிச்சது இருக்கட்டும். கடைசியில எத்தனை?" என்று கேட்டேன். இரண்டிலும் நூற்றைம்பது. பின்னால் வேறு சிலதைச் சேர்த்தும் பிரித்தும் லத்தீன் கணக்கு நேராகிவிடுகிறது. எங்களுக்கு வேண்டிய இரண்டும் நடுவில் மாட்டிக்கொண்டவை. அவருடைய ஐம்பது அண்ணனுக்கு ஐம்பத்தொன்று. நூற்றிருபத்தொன்பது அங்கே நூற்றுமுப்பது.

சரி, பாடிப் பார்ப்போம் என்றேன். ஐம்பதில் முதல் இரண்டு எண்ணும் தாவீது எப்போது பாடியது என்ற தலைப்பு, பாடுவதில்லை என்று அவர் மூன்றாம் வசனத்தில் தொடங்கினார். அண்ணியும் தன் ஐம்பத்தொன்றில் மூன்றைப் பிடித்தாள். அவர் இரக்கம் கேட்கிறார், அண்ணியோ என் பாவம் எனக்குத் தெரியும் என்கிறாள். அண்ணி பத்தொன்பதில் முடித்து வாயை மூடிக்கொண்டாள். அவருக்கு இன்னும் இரண்டு வசனம் பாக்கி.

அண்ணன் சிரித்துவிட்டார். தமிழில் தலைப்பு எண் இல்லாமல் மேலே தனியாக இருந்தது. லத்தீன் அதை இரண்டு வசனமாக எண்ணியிருந்தது. அவருடைய மூன்றுதான் எங்கள் ஒன்று.

புதுத்தாளில் வசன எண்ணே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லத்தீன் வரிக்கு எதிரே அதே பொருளுள்ள தமிழ் வரி, அவ்வளவுதான். சாயங்கால ரயிலுக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினார்கள். தலையில் எந்த எண் போடுவது என்று மறுபடி சண்டை கிளம்பியது.

"ஐம்பதுன்னே போடுங்க, வீடு எங்களுது," என்றார் இவர்.

"அம்மா எங்களுது," என்றார் அண்ணன்.

"ரெண்டையும் போடுங்க. அம்மாவுக்கு ரெண்டும் தெரியும்," என்றேன்.

முப்பதாம் நாள் அண்ணன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். அண்ணன் மட்டும் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். ஆண்கள் லத்தீனில் முதல் வசனத்தை முடித்தார்கள். நாங்கள் தமிழில் எடுத்தோம். இரண்டாவதும் சரியாக விழுந்தது. மூன்றாவதில் பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் உள்ளே வந்து என் பாயில் உட்கார்ந்திருந்தார்.