இறங்க வழி இருக்கா?

துறைமுகத்தில் அவளைப் பருந்து என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளை இறக்கும் பெரிய கிரேனின் உச்சியில், கண்ணாடித் தரை போட்ட சின்ன அறைக்குள் உட்கார்ந்து, காலடியில் தெரியும் கடலையும் கப்பலையும் குனிந்து பார்த்தபடி வேலை செய்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அவள் கணவர் மருந்துக் கடையில் மருந்தாளுநர். நாலு படிக்கட்டு இறங்கினாலும் கைப்பிடியை விடாதவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே கடை, ஒரே கல்லா மேஜை. இப்படிப்பட்டவருக்கு இப்படிப்பட்டவள் வாய்த்தது எப்படி என்று உறவில் எல்லோருக்கும் ஆச்சரியம். அவருக்கு அந்த ஆச்சரியம் இன்றுவரை தீரவில்லை.

கல்யாணமான புதிதில் அவள் துறைமுக எடைமேடை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தாள். தலைக்கு மேல் மின்விசிறி, மாலை ஐந்து மணிக்கு வீடு. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கிரேன் ஓட்டும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்றாள். அவர் கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது. செய்தி போய், அவருடைய அக்கா அடுத்த பேருந்தில் வந்து இறங்கினாள்.

"ஏம்மா, உக்காந்து எழுதுற வேலை கசந்துபோச்சா? அந்தரத்துல தொங்கணும்னு வேண்டுதலா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"பயிற்சி ஆறு மாசம், அண்ணி. அதுவரைக்கும் என் இடத்துல வேற யாரையும் போட மாட்டாங்க, எழுதி வாங்கிட்டேன். சரிப்படலைன்னா இறங்கி வந்து அதே நாற்காலியில உக்காந்துடுவேன். மேல இருந்து கீழ பாத்தேங்கிறதாவது மிச்சம்."

அவள் இறங்கி வரவில்லை. மகள் பள்ளியில் சேர்ந்த வருடம், வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில், கீழே ஓர் அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே கிரேனை இயக்கும் புதுமுறையைக் கற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆள் அனுப்பினார்கள். மொழி தெரியாத ஊர். மற்றவர்கள் ஜாதகம் பார்க்காத குறையாக யோசித்துக்கொண்டிருக்க, அவள் தேநீர் ஆறுவதற்குள் சரி என்று சொல்லிவிட்டாள். பிடிக்காவிட்டால் அடுத்த மாதமே திரும்பலாம் என்று உத்தரவில் இருந்தது. அவளுக்கு அது போதும்.

அதே ஆள், ஷிப்ட் பொறுப்பாளர் பதவி தேடி வந்தபோது மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கூடுதல் சம்பளம், அலுவலக அறை, எல்லாம் சுகம்தான். ஆனால் அந்தப் பதவிக்குப் போனவர்கள் கிரேன் பிரிவிலிருந்து பெயர் நீக்கப்படுவார்கள், மறுபடி சேர்க்கமாட்டார்கள். கடைசியில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் நடுங்கும் இடத்தில் இவள் ஓடுகிறாள், நான் கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் இடத்தில் இவள் நடுங்குகிறாள்; இது என்ன கிறுக்கு என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

கிறுக்கு இல்லை என்று அவருக்குப் புரிந்தது, புதுக் கம்பெனி வந்த பிறகுதான்.

துறைமுகத்தின் ஒரு பகுதியை ஒரு தனியார் நிறுவனம் எடுத்துக்கொண்டது. அங்கே கிரேனுக்கு மேலே ஆள் இருக்காது. தூரத்து அறை ஒன்றில் திரைகளைப் பார்த்தபடி ஒருவரே நாலைந்து கிரேன்களைக் கவனிப்பார். பெரும்பாலான வேலையைக் கிரேன்களே செய்துகொள்ளும். பெட்டியை இறக்கி வைக்கிற கடைசி நேரத்தில் மட்டும் மனிதக் கை வேண்டும். அனுபவமுள்ள ஓட்டுநர்களை நிறுவனம் அழைத்தது. நிபந்தனை ஒன்றுதான்: துறைமுகத்திலிருந்து விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு வர வேண்டும். ஓய்வை ஏற்றுக்கொண்டதாக உத்தரவு வந்துவிட்டால் பிறகு துறைமுகத்தின் நிரந்தர வேலை கனவிலும் கிடையாது. மாதக் கடைசிக்குள் கையெழுத்து.

கணவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஏற வேண்டாம், காற்றுக்குப் பயப்பட வேண்டாம், முதுகு சாய்க்க நாற்காலி, சம்பளமும் ஒன்றரை மடங்கு. அவர் வாழ்க்கையில் இவ்வளவு பத்திரமான ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. அவளோ அந்தக் காகிதத்தைப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று அவர் கேட்டே விட்டார்.

"லாரியில இருந்து பெட்டியைத் தூக்குறப்போ முதல்ல ஒரு சாண் தூக்கி நிறுத்துவோங்க. பெட்டியை லாரியோட பிடிச்சு வெக்கிற பூட்டு ஏதாவது ஒண்ணு கழலாம மாட்டியிருந்தா, லாரியும் சேர்ந்து எழும்பும். ஒரு சாண்ல தெரிஞ்சா மெதுவா இறக்கி வெச்சுடலாம். பாதி உயரத்துல தெரிஞ்சா?" அவள் காகிதத்தைத் தட்டினாள். "இவங்க ஒரு சாண் தூக்கிப் பாக்க விட மாட்டேங்கிறாங்க. எடுத்த எடுப்புல உச்சிக்குத் தூக்குங்கிறாங்க."

அவளோடு வேலை பார்த்த மீசைக்காரர் முதல் நாளே கையெழுத்துப் போடத் தயாராக வீட்டுக்கே வந்தார். இவள் தடுப்பாள் என்று கணவர் நினைத்தார். அவள் பேனாவை எடுத்து, எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள்.

"எனக்கு மூட்டு போயிடுச்சு, பருந்து," என்றார் மீசைக்காரர். "ஏணியில காலை வெச்சாலே உயிர் போகுது. இன்னும் ரெண்டு வருஷத்துல எப்படியும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எனக்குத் திரும்பி வர்ற கதவு திறந்திருந்தா என்ன, மூடியிருந்தா என்ன?"

"உங்களுக்கு இது சரிதான் அண்ணே," என்றாள் அவள். "எனக்கு இன்னும் பதினெட்டு வருஷம் இருக்கே."

ஒரே காகிதம் ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு விஷம். மருந்தாளுநருக்கு இது தெரியாத விஷயமா? ஆனாலும் அன்றுதான் கடைக்கு வெளியே அதைப் பார்த்தார்.

பிறகு அவள் செய்ததுதான் யாருக்கும் தோன்றாத காரியம். துறைமுக விதிகளில், வேறு இடத்தில் வேலை பார்க்க இரண்டு வருடம்வரை சம்பளமில்லா விடுப்பு எடுக்கலாம், பணி அவள் பெயரிலேயே இருக்கும் என்று ஒன்று இருந்தது. ஓய்வுக்குப் பதில் அந்த விடுப்பில் வருகிறேன் என்று நிறுவன மேலாளர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் சிரித்தார். ஆனால் அந்த முறையை ஏற்கெனவே வெளிநாட்டில் கையால் செய்து பழகியவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் வேண்டும். அரை மனதாக ஒப்புக்கொண்டார். அதற்கு மேலும் ஒன்று கேட்டாள். மேலே அறையில் உட்கார்ந்து ஓட்டாமல் ஒரு வருடம் கடந்தால் ஓட்டுநர் சான்றிதழ் காலாவதியாகிவிடும். திரையைப் பார்த்து ஓட்டுவது அந்தக் கணக்கில் சேராது. ஆகவே மாதம் இரண்டு ஷிப்ட் பழைய கிரேனில் ஏற அனுமதி வேண்டும் என்றாள். அதற்கும் தலையாட்டினார். பேச்சோடு சரி. அந்த ஒன்றை மட்டும் அவள் எழுதி வாங்கவில்லை.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. முதல் கப்பலை யார் எடுப்பது என்று எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தபோது அவள்தான் எடுத்தாள். கேமரா வைத்த இடம் தப்பு என்று பொறியாளர்களோடு மல்லுக்கு நின்று மாற்ற வைத்தாள். குடும்பத்தாரை உள்ளே அழைத்துக் காட்டிய ஒரு நாள் கணவர் அந்த அறைக்குப் போனார். வங்கிபோல அமைதி. ஜன்னலுக்கு அப்பால், பத்து மாடி உயர இரும்பு உருவங்கள் ஆளே இல்லாமல் கையை நீட்டி, கப்பல் வயிற்றிலிருந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தன. ஒரு பெட்டி லாரிக்கு மேலே வந்து தயங்கியது. அவள் இரண்டு விரலை அசைத்தாள். அவ்வளவு தூரத்தில் அந்தப் பெட்டி குழந்தையைப் படுக்கவைப்பதுபோல இறங்கியது. பக்கத்தில் நின்ற மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பத்து மாதம் கழிந்தது. நிறுவன ஊழியர்கள் யாரும் இனிப் பழைய கிரேன்களில் ஏறக் கூடாது, விபத்துக் காப்பீடு இடம் கொடுக்காது என்று சுற்றறிக்கை வந்தது. அதற்கு முன்னாலேயே வேலை நெருக்கடி என்று சொல்லிச் சொல்லி அவளை ஒருமுறைகூட மேலே ஏற விடவில்லை. அவள் மேலாளரிடம் போய், கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவர் உண்மையாகவே புரியாமல் கேட்டார்: "நீங்க ஏன் மேடம் திரும்பிப் போகணும்? இங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

நல்லாத்தான் இருந்தாள். அதுதான் சிக்கல். வேலை பிடித்திருந்தது, மரியாதை இருந்தது, முதுகுவலி போயே போய்விட்டது. ஒரு வாரம் வீட்டில் அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தாள். விடுப்புதான் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறதே, அவசரம் என்ன என்று கணவர் ஒருநாள் காலை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"விடுப்பு இருக்குங்க. சான்றிதழ் ரெண்டு மாசத்துல போயிடும். அப்புறம் காகிதத்துல கதவு இருக்கும், நடந்து போகக் கால் இருக்காது. இப்ப ஒரு ஆளுக்கு நாலு கிரேன். நாளைக்குப் பத்துன்னு ஆக்கினா யாரை வீட்டுக்கு அனுப்புவாங்கன்னு யாருக்குத் தெரியும்? நான் முழுசா மாட்டிக்கிறதுக்கு இந்த வேலை இன்னும் ரொம்பப் புதுசு." கொஞ்சம் நிறுத்தி, "கிரேன்ல முதல் தடவை ஏறினப்போ எனக்குப் பயமே வரலை. இந்த வாரம் தூங்கவே முடியலை," என்றாள்.

இவளுக்கும் பயம் உண்டு, அதை எங்கே செலவழிப்பது என்று தெரிந்து வைத்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பயத்தை எல்லாம் படிக்கட்டிலேயே செலவழித்துவிட்ட மனிதர் அவர்.

அந்த வாரமே விடுப்பை ரத்து செய்துவிட்டுப் பழைய கிரேனுக்கே திரும்பினாள். முதல் ஷிப்ட் முடியும் நேரத்தில் அழைத்துப்போக அவர் துறைமுக வாசலில் ஸ்கூட்டரோடு நின்றார். வெளியே வந்த கூட்டத்தில் ஒருவன், "என்ன பருந்து, நாற்காலி குத்திடுச்சா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"குத்தலப்பா. மெத்துன்னு இருந்துச்சு. அதான் எழுந்திரிக்கவே மனசு வரலை," என்றாள் அவள்.

மீசைக்காரர் அந்த அறையிலேயே இருந்தார். மூட்டுவலி இல்லாமல், திரைக்கு முன்னால் ராஜா மாதிரி இருப்பதாக அவளே சொன்னாள். அவருக்காகச் சந்தோஷப்பட்டுத்தான் சொன்னாள்.

வண்டியில் போகும்போது, எல்லார் முன்னாலும் திரும்பி வந்தது சங்கடமாக இல்லையா என்று அவர் கேட்டார்.

"எதுக்கு? அந்த வழியை அடைக்காம வெச்சுக்கத்தானே அவ்வளவு சண்டை போட்டேன். அதுல நடக்குறதுக்கு வெக்கப்பட்டா சண்டை எதுக்கு?"

சிக்னலில் வண்டி நின்றது. பின்னாலிருந்து அவள் குனிந்து, துறைமுகத்தின் கடல் முகப்பில் மிதக்கும் கிரேன் ஒன்று வந்திருக்கிறது, மூழ்கிக்கிடக்கும் பழைய கப்பல் துண்டுகளைக் கடலுக்குள்ளிருந்து தூக்க வேண்டும், அலைமேல் நின்று தூக்குவதால் ஒருத்தரும் போக மாட்டேன் என்கிறார்கள், மூன்று மாதம் சோதனைக்கு நான் பெயர் கொடுத்திருக்கிறேன் என்றாள்.

முன்பென்றால் அவர் வண்டியை ஓரம் கட்டியிருப்பார். இப்போது கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். தேநீர் ஆறுவதற்குள் முடிவெடுத்த முகம் அது.

"எப்போலேருந்து?" என்று கேட்டார்.

"திங்கக்கிழமை."

பச்சை விளக்கு விழுந்தது. அவர் வண்டியைக் கிளப்பினார்.