கதவு காட்டிய ஒன்பது டிகிரி

எங்கள் அக்காவுக்குத் தெருவில் ஸ்வெட்டர் என்று பெயர். வெயில் மண்டையைப் பிளக்கும் மதியத்திலும் இரண்டு ஸ்வெட்டரை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நடந்து வருபவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவள் வேலை பார்ப்பது விதைக்கான உருளைக்கிழங்கைச் சேமிக்கும் குளிர்கிடங்கில். உள்ளே நாலு டிகிரி, வெளியே கொதிக்கிற தார். நாள் முழுக்க இரண்டுக்கும் நடுவில் போய் வந்தே அவள் விரல் கணுக்கள் வீங்கிப் போயின. வீட்டில் ஃபேன் போட்டால் அவளுக்கு ஆகாது, போடாவிட்டால் மாமாவுக்கு ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நடக்கிற ஒரே சண்டை அதுதான்.

முதலில் அவளும் என்னைப் போலக் கிழங்கு பொறுக்கும் மேஜையில்தான் இருந்தாள். நான் இன்னும் அங்கேயே இருக்கிறேன். அவள் மட்டும் கிடங்குப் பொறுப்பாளர் ஆனாள். காரணம், மூட்டையை மோந்து பார்த்தே உள்ளே அழுகல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். குளிரறைச் சாவி எப்போதும் அவள் கழுத்தில்தான் தொங்கும், குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். அவளுக்கு அது ஒரு பெருமை. பெருமைப்பட வேறு எதுவும் அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை.

போன பருவத்தில் முதலாளிக்கு நவீனம் தலைக்கேறியது. அறைக்குள் தொங்கிக்கொண்டிருந்த கண்ணாடித் தெர்மாமீட்டர்களை எல்லாம் கழற்றிக் கடாசிவிட்டார். அவர் மனைவியின் தம்பி எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறான். கிடங்கில் எல்லோருக்குமே அவன் மச்சான்தான். அவன் வந்து எட்டு சென்சார் மாட்டினான். விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய், அதன் வாலில் மூன்று கம்பி: ஒன்று மின்சாரம், ஒன்று எர்த், ஒன்று பேச்சு. எட்டுக்கும் எட்டுக் கம்பி இழுக்கவில்லை. சுவரோரமாக ஒரே கேபிள் அறையைச் சுற்றி ஓடியது. போகிற வழியில் ஒவ்வொரு சென்சாரும் சின்ன வாலோடு அதில் தொற்றிக்கொண்டது. வெளியே ஆபீஸில் இருக்கிற பெட்டியில் அந்த எட்டுக்கும் சேர்த்துக் கம்பி செருகுகிற பின் ஒன்றே ஒன்றுதான்.

"எட்டு பேர் ஒரே கம்பியில பேசுனா அடிச்சுக்க மாட்டாங்களா தம்பி?" என்று அக்கா கேட்டாள்.

"தானா பேசாதுக்கா. ஒவ்வொண்ணுக்கும் கம்பெனியிலயே ஒரு நம்பர் பொறிச்சுடுவாங்க. உலகத்துல வேற எதுக்கும் அந்த நம்பர் கிடையாது. பெட்டி ஒரு நம்பரைக் கூப்பிடும், அந்த ஆள் மட்டும் பதில் சொல்லும். மத்ததெல்லாம் வாயை மூடிட்டு இருக்கும்."

"எங்க முதலாளிக்கும் அப்படி ஒரு நம்பர் இருந்தா நல்லா இருக்கும்."

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். கெட்ட பையன் இல்லை. வேலையும் சுத்தம். பேச்சுக் கம்பிக்கும் மின்சாரக் கம்பிக்கும் நடுவே ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைத்தான். அது இல்லையென்றால் கம்பி தூக்கிப் பிடிக்க ஆளில்லாமல் தொங்கிப்போகும், ஒரு பதிலும் வராது என்றான். பிறகு ஒவ்வொரு சென்சாராகச் சூடுகாட்டிப் பார்த்து, பெட்டியின் திரையில் பெயர் வைத்தான். கதவு, பின் மூலை, நடு என்று தொடங்கிக் கடைசியில் மேல்தட்டு வரை எட்டுப் பெயர்.

இந்தப் பருவத் தொடக்கத்தில் தள்ளுவண்டி இடித்துக் கதவோரத்துச் சென்சார் நசுங்கியது. மச்சான் வந்து புதுசு ஒன்றை அதே இடத்தில் மாட்டினான். திரையில் எட்டுப் பெயரும் வந்தன, எட்டிலும் நாலைச் சுற்றியே எண்கள். டீ குடித்துவிட்டுப் போய்விட்டான்.

கொஞ்ச நாளில் வினை தொடங்கியது. திரையில் கதவு ஆறு ஆனது. பிறகு ஏழு. பிறகு ஒன்பது.

"கதவைத் திறந்து போட்டுட்டு வெளியில வெயில் காயுறியா?" என்று முதலாளி கேட்டார்.

அக்கா இல்லை என்றாள். அடுத்த நாளும் கேட்டார், அடுத்த நாளும் இல்லை என்றாள். குளிர் வெளியேறாமல் கதவில் தொங்குகிற பிளாஸ்டிக் திரையின் கிழிசலைத் தானே தைத்தாள். வண்டி வந்தால் முழு லோடும் சேர்ந்த பிறகு ஒரே தடவை கதவைத் திறக்கலாம் என்று ஆட்களைக் காக்க வைத்தாள், அவர்களிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். விடுமுறை நாளில் கதவைப் பூட்டிவிட்டு வந்து, மறுநாள் காலை திரையைப் பார்த்தால் அப்போதும் கதவு ஒன்பது.

"பூட்டின கதவு எப்படிங்கய்யா சூடாகும்? அந்தப் பக்கம் என்னமோ தப்பா இருக்கு."

"மெஷின் பொய் சொல்லாது. ஆளுங்கதான் சொல்வாங்க."

இதைச் சொன்ன வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதைவிட எனக்கு எரிச்சல் மாமா மேல். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "ஒரு தடவையாவது மறந்து திறந்து வெச்சிருப்பியோ?" அக்கா எழுந்து போய் ஃபேனை முழு வேகத்தில் போட்டுவிட்டு, போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

வாரக் கடைசியில் முதலாளி பொறுக்கும் மேஜைகளுக்கு நடுவே வந்து நின்றார். நாங்கள் பெண்கள் எல்லோரும் இருந்தோம், மூட்டை தூக்குகிறவர்களும் இருந்தார்கள். "சாவியைக் குடு" என்றார். அக்கா கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். வீங்கின விரலுக்கு அது அவிழவில்லை. அந்த ஆளுக்குப் பொறுமை இல்லை. கையை நீட்டி, கயிற்றை அவள் தலை வழியாக உருவி எடுத்தார். அவள் கொண்டை கலைந்து தோளில் விழுந்தது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும்தான் அழுகல் செதுக்குகிற கத்தியை மேஜையில் குத்திவிட்டு நின்றேன், வேறென்ன செய்தேன்?

"திங்கட்கிழமை கிடங்கு பூட்ஸை ஒப்படைச்சுட்டு வேலையை விட்டுப் போ" என்றார்.

திங்கட்கிழமை வந்தாள். அன்று மச்சானும் லேப்டாப்போடு ஆபீஸில் உட்கார்ந்திருந்தான். கதவுச் சென்சார் ஆறைத் தாண்டினால் சைரன் அலற வேண்டும், அதற்காக முதலாளி வரவழைத்திருந்தார். இனி எந்தப் பொறுப்பாளரும் அவரை ஏமாற்ற முடியாதாம். திரையில் கதவு ஒன்பது அரை. லோடு ஏற்றுவதற்காகக் குளிரறை அப்போது திறந்திருந்தது. பூட்ஸை என் காலடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு அக்கா திரையையே பார்த்தாள். முகம் கறுத்துவிட்டது.

"நான்தானே சூடேத்துறேன்? இந்தா, நல்லாவே ஏத்துறேன், பாத்துக்கங்க!"

தடுப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். கதவோரத்துச் சென்சாரைக் கொக்கியிலிருந்து உருவி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து வாயை வைத்து ஊதினாள். "ஏறுதா? பதினஞ்சு ஆச்சா? இருபது ஆச்சா?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

நான் திரையைப் பார்த்தேன். கதவு ஒன்பது அரையிலேயே நின்றது. அசையவே இல்லை. ஆனால் அடியில் மேல்தட்டு என்று எழுதியிருந்த எண் பத்து, பதினாலு, பத்தொன்பது என்று ஏறிக்கொண்டே போனது.

"அக்கா, கையை எடு!" என்று கத்தினேன். எண் இறங்கத் தொடங்கியது. "மறுபடி பிடி!" மேல்தட்டு மறுபடி ஏறியது.

மச்சான் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். நாலு வரி படித்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"என்னடா?" என்றார் முதலாளி.

"தப்பு என்னுது. நான் பேரை நம்பரோட சேத்து எழுதல. தேடும்போது முதல்ல கிடைக்கிறது கதவு, ரெண்டாவது கிடைக்கிறது பின் மூலைன்னு எழுதிட்டேன்."

"தமிழ்ல சொல்லு."

"தெருவுல முதல் வீடு, ரெண்டாவது வீடுன்னு சொல்லிப் பழகியாச்சு. முதல் வீட்டை இடிச்சுட்டு, தெருக்கோடியில ஒரு வீடு கட்டினா என்ன ஆகும்? எல்லா வீடும் ஒரு எண் முன்னாடி நகர்ந்துடும். அதுதான் ஆச்சு. பெட்டி தேடுற வரிசை அந்தப் பொறிச்ச நம்பரை வெச்சுத்தான், இடத்தை வெச்சு இல்ல. பழைய சென்சார் அந்த வரிசையில முதல்ல வந்தது. புதுசு கடைசியில வருது. இப்ப கதவுன்னு காட்டுறது கதவு இல்ல, பின் மூலை. பின் மூலைன்னு காட்டுறது நடு. நிஜக் கதவு மேல்தட்டுல போய் உக்காந்திருக்கு."

அதனால்தான் மேல்தட்டு லோடு ஏற்றும் நேரத்தில் மட்டும் கொஞ்சம் ஏறி இறங்கியதாம். சூடு மேலேதானே போகும் என்று எல்லோரும் விட்டுவிட்டோம்.

அக்கா வாசலுக்கு வந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப ஒன்பது டிகிரி இருக்கிறது பின் மூலையிலயா?" என்றாள். யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. கோபம் ஒரு நொடியில் வேறு பக்கம் திரும்பிவிட்டது. "மூட்டையை இறக்குங்க! பின்னாடி போக வழி விடுங்க!"

நடக்க வழி விட்டு அடுக்குங்கள் என்று அறுவடை முடிந்தபோதே அவள் சொல்லியிருந்தாள். இடம் வீணாகிறது என்று சுவரோடு சுவராக, கூரை வரை அடுக்கச் சொன்னவர் முதலாளி. ஆட்கள் மூட்டைகளை இறக்கி வழி செய்து பின் மூலைக்குப் போனபோது அங்கிருந்த குளிர்விப்பானின் ஃபேன் சுற்றவில்லை. மற்ற ஃபேன்களின் சத்தத்தில் அது நின்றது யார் காதுக்கும் கேட்கவில்லை. காற்று போகாத மூட்டைகள் வெதுவெதுப்பாக வியர்த்திருந்தன. சாக்கைக் கிழித்தால் வெள்ளை முளைகள், அடியில் கொழகொழவென்று அழுகல். தினமும் உள்ளே போய் மோந்து பார்க்கிற மூக்கை வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்தாயா என்று விசாரணை செய்துகொண்டிருந்தால் இதுதான் நடக்கும்.

அன்று முழுக்க அக்கா உள்ளே இருந்தாள். நான் திரைமுன் நின்றேன். அவள் ஒவ்வொரு சென்சாராகக் கையில் பிடித்து, "இது நடு! இது இடது சுவர்!" என்று கத்தினாள். எந்த எண் ஏறுகிறதோ அதன் பொறித்த நம்பரோடு சேர்த்து, சைரன் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு மச்சான் பெயரை எழுதினான். இனி ஒன்று செத்தால் அதன் பெயருக்கு நேரே மட்டும் வெறும் கோடு வரும், மற்றவை நகராது என்றான். பிறகு அக்காவின் பக்கம் போய், "மன்னிச்சுக்கக்கா" என்றான். அவள் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவனோடு கணக்கு முடிந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். சாவிக் கயிற்றை என்னிடம் நீட்டி, "உங்க அக்காகிட்ட குடுத்துடு. நாளைக்கு வழக்கம்போல வரச் சொல்லு" என்றார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "அவ அங்கதான் நிக்குறா."

நாலு எட்டு நடந்து அவளிடம் போனார். "சரி, எல்லாம் தெரிஞ்சு போச்சுல்ல. வெச்சுக்க."

அக்கா வாங்கவில்லை. "எடுத்தது நீங்க. மேஜைகிட்ட நின்னு, இத்தனை பேர் முன்னாடி என் தலைமுடியைக் கலைச்சு எடுத்தீங்க. குடுக்கிறதும் அங்கயே குடுங்க."

"வண்டி நிக்குதும்மா..."

"நிக்கட்டும்."

நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் துண்டை உதறிப் போட்டு அடுக்கின் மேல் உட்கார்ந்தார்கள். பெண்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். முதலாளி எங்கள் எல்லோரையும் பார்த்தார். பிறகு மேஜைகளுக்கு நடுவே வந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கதவைத் திறந்து வெச்சது இவ இல்ல."

"கேக்கல" என்றேன் நான்.

இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். அக்கா சாவியை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பூட்ஸை மாட்டினாள். குளிரறைக் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து, பிளாஸ்டிக் திரையைத் தூக்கிக் கட்டினாள். "அழுகினது மொத்தமும் வெளியில வரட்டும். அதுவரைக்கும் கதவு இப்படியேதான் இருக்கும்" என்றாள்.

ஆபீஸ் திரையில் கதவு ஏறத் தொடங்கியது. பத்து, பன்னிரண்டு, பதினைந்து. இந்த முறை அது நிஜக் கதவு. முதலாளி திரைக்கு முன்னால் நின்று அத்தனையையும் பார்த்தார்.