கறித்தூளும் காலிப் பக்கமும்

வேலை கேட்டால் அனுபவம் கேட்டார்கள். அனுபவத்துக்கு எங்கே போவது என்றால் மாதிரி வேலைகள் செய்து போர்ட்போலியோவாகத் தொகு என்றார்கள். சந்தைப்படுத்தல் படிப்பின் கடைசி வருடம். எங்காவது பயிலுநராகச் சேராவிட்டால் பட்டம் முடியாது. கோப்பாயிலிருந்து பக்கத்துத் திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் எனக்கு இதே யோசனைதான்.

இல்லாத ஒரு குளிர்பானத்துக்கு விளம்பரம் செய்தேன். ஒரு புடவைக்கடையின் முகநூல் பக்கத்தை, அவர்கள் கேட்காமலே, திருத்தி எழுதினேன். இரண்டிலும் ‘பயிற்சிக்காக’ என்று கொட்டை எழுத்தில் போட்டேன். மூன்றாவதுதான் உண்மையாக விற்கும் பொருள்: பெரியம்மா வீட்டில் வறுத்து அரைக்கும் கறித்தூள்.

வாங்குபவர்களில் பலர், கொழும்பில் படிக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பும் தாய்மார். அவர்களுக்காக இரண்டு பதிவுகள் போட்டேன். ஒன்றில் தூளின் படம், மற்றதில் தாச்சியில் மிளகாய் வறுபடும் படம். எந்தப் படம் ஆளை இழுத்தது என்று அறிய, பெரியம்மாவின் வட்சப்புக்கு ‘தூள்’ அல்லது ‘தாச்சி’ என்று எழுதி ஓடர் பண்ணச் சொன்னேன். மாத முடிவில் எண்ணிப் பார்க்கப் போனால் போன் துடைத்துவிட்டது போல் கிடந்தது.

“எங்கை பெரியம்மா மெசேஜ் எல்லாம்?”

“குடுத்து முடிய அழிச்சுப்போட்டன். ஆரும் பாத்தாக் கண்ணூறு பட்டிடும்.”

“எவ்வளவு வித்தது எண்டாவது சொல்லுங்கோவன்.”

“ஏதோ போகுது பிள்ளை.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஊர் முழுக்க விளம்பரம் போடலாமாம், விற்றதைச் சொல்லக்கூடாதாம்!

“நாற்பது வீதம் கூடினதெண்டு போடடி. ஆர் வந்து பாக்கப் போகினம்?” என்றாள் கூடப் படிப்பவள். பொய் சொன்னால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். ‘முடிவு’ என்ற பக்கத்தில், விற்பனை விவரம் கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதினேன்.

போர்ட்போலியோவைப் பார்த்து ஒரு விளம்பர நிறுவனம் பயிலுநர் இடத்துக்குக் கூப்பிட்டது. நேர்முகம் காணொளியில். பெரியம்மா வீட்டில்தான் சிக்னல் நன்றாக இருக்கும் என்று அங்கே போய் இருந்தேன்.

“வேலை வடிவாத்தான் இருக்கு,” என்றார் அந்த நிறுவனத்து அம்மையார். “ஆனா ஒரு எண்ணும் இல்லாமல் மேலிடத்துக்கு எப்பிடிக் காட்டுறது? நாளைக்கிடையில கிடைச்சா அனுப்புங்கோ.”

திரை அணைந்ததும் அழுதுவிட்டேன். கதவடியில் நின்று கேட்டிருந்த பெரியம்மா வந்து பக்கத்தில் இருந்தார். வீட்டில் வேறு யாருமே இல்லை. இருந்தும் என் காதுக்குள் குனிந்து எண்ணைச் சொன்னார். நான் நினைத்ததைவிட எவ்வளவோ கூட.

“உன்ரை படத்தாலைதான் பிள்ளை. தாச்சிப் படத்தாலை. நீ கெட்டிக்காரி,” என்றார். என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தார். “ஆனா ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். அந்த இடம் வேறொருவருக்குப் போனது. எண்ணை நான் இங்கேயும் எழுதவில்லை.